எத்தனை பன் விற்றால் கட்டுப்படியாகும்?

டீக்கடைகளுக்கு லைன் போடும் ஒரு சிறிய பன் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மாஸ்டர், ஒரு ஹெல்பர், ஒரு மாவு பிசையும் மிஷின், ஓர் அடுப்பு, பின்னால் பெட்டி கட்டிய ஒரு மொபெட். கடைக்காரர் 10 ரூபாய்க்கு விற்கும் பன்னை அவருக்கு 7 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். சரக்குச் செலவு ஒரு பன்னுக்கு இரண்டரை ரூபாய்தான். கேட்டவுடன் நல்ல லாபம் போலத் தெரியும். ஆனால் மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதை அந்த இரண்டரை ரூபாய் சொல்லாது. ஒரு நாளைக்கு எத்தனை பன் விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற இடத்துக்கு வருகிறோம் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வணிகவியலில் இதைச் சமநிலைப் புள்ளி என்பார்கள்.

இங்கே வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

பன் சுட்டாலும் சுடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய பணம் நிலையான செலவு. வாடகை 12,000, மாஸ்டர் சம்பளம் 24,000, ஹெல்பருக்கு 14,000, மிஷினுக்கும் அடுப்புக்கும் வாங்கிய கடனின் தவணை 11,000, மின்சாரம், உரிமம், பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து 4,000. இதுவரை யாருக்கும் குழப்பம் வராது. மொபெட்டின் பெட்ரோல் 5,000 ரூபாயும் இதில்தான் சேர வேண்டும். பெட்டி நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும் வண்டி அதே தெருக்களைத்தான் சுற்றிவருகிறது. அடுப்பைச் சூடேற்றப் பிடிக்கும் எரிபொருளும் அப்படியே. முதல் தட்டு உள்ளே போவதற்கு முன்பே அது எரிந்து தீர்ந்துவிடும். மாதம் 3,000 என்று வைப்போம்.

பலர் விட்டுவிடும் ஒரு தொகை இன்னும் இருக்கிறது. அது முதலாளியின் சொந்தச் சம்பளம். விடியற்காலையில் எழுந்து லைன் போகிறவர் அதே வேலையை வேறு இடத்தில் செய்திருந்தால் கூலி கிடைத்திருக்கும். அதை எழுதாமல் விட்டால், தன் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு லாபம் வந்ததாக நினைத்துக்கொள்வார். அவருக்கு 18,000 எழுதுவோம். மொத்தம் 91,000 ரூபாய்.

அடுத்தது மாறும் செலவு. ஒவ்வொரு பன்னோடும் கூடவே போகும் பணம் இது. ஒரு கிலோ மைதா 42 ரூபாய், 200 கிராம் சர்க்கரை 9 ரூபாய், 100 கிராம் கொழுப்பு 15 ரூபாய், ஈஸ்ட், உப்பு, பால் பவுடர், எசன்ஸ் எல்லாம் சேர்த்து 9 ரூபாய். ஆக 75 ரூபாய். தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் ஏறக்குறைய 1,800 கிராம் மாவு கிடைக்கும். 60 கிராம் உருண்டையாக வெட்டினால் 30 பன். ஒரு பன்னுக்குச் சரக்கு 2.50 ரூபாய். கவருக்கு 50 காசு, சுடும் எரிபொருளுக்கு 50 காசு சேர்த்தால் 3.50 ரூபாய்.

7 ரூபாய்க்கு விற்கும் பன்னில் இந்த 3.50 போனால் மிச்சம் 3.50. அந்த மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் 91,000 ரூபாயை அடைக்க வேண்டும். 91,000-ஐ 3.50-ஆல் வகுத்தால் 26,000 பன். மாதம் 26 நாள் வேலை என்றால் நாளைக்கு 1,000.

பாடப்புத்தகக் கணக்கு இங்கே முடிந்துவிடும். பன் யூனிட்டின் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏனென்றால் அந்த 1,000 விற்ற பன், சுட்ட பன் அல்ல. டீக்கடை லைனில் விற்காததைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். புதுச் சரக்கு வைக்கும்போதே பழையதை எடுத்துக்கொண்டு, விற்றதற்கு மட்டும் காசு வாங்கி வர வேண்டும்.

நூற்றுக்குப் பத்து ரிட்டர்ன் வருகிறது என்று வைப்போம். 1,000 விற்க 1,100 சொச்சம் சுட்டால் போதும் என்றுதான் மனம் உடனே சொல்லும். போதாது. 100 பன் சுட 350 ரூபாய் செலவு. விற்பது 90, வருவது 630. மிச்சம் 280. அதாவது சுட்ட ஒவ்வொரு பன்னுக்கும் நிற்பது 2.80 மட்டுமே. 91,000-ஐ இதனால் வகுத்தால் 32,500 பன். நாளைக்கு 1,250 சுட வேண்டும், அதில் 1,125 விற்க வேண்டும். விற்காத பன் தன் விலையை இழப்பதோடு நிற்பதில்லை. அதற்குப் போட்ட மூன்றரை ரூபாயை விற்ற பன்களின் மிச்சத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சில யூனிட்களில் ரிட்டர்னை ரஸ்க் ஆக்குகிறார்கள். கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதற்கும் எரிபொருளும் ஆள் நேரமும் வேண்டும்.

இதோடு ஒப்பிட்டால் எல்லோரும் பதறும் மைதா விலை சின்ன விஷயம். கிலோவுக்கு 6 ரூபாய் ஏறினால் ஒரு பன்னுக்கு ஏறுவது 20 காசு. ரிட்டர்னே இல்லாத கணக்கில் 1,000 என்பது சுமார் 1,060 ஆகும், அவ்வளவுதான். ஆனால் புதுக் கடைகளைப் பிடிக்க 50 காசு குறைத்து 6.50-க்குக் கொடுத்தால், அதே கணக்கு 1,167-க்குப் போய்விடும். அரை ரூபாய்தானே என்று விட்டுக்கொடுத்தது, தினமும் 167 பன் கூடுதலாக விற்றால்தான் ஈடாகும்.

ஆகவே ரிட்டர்னைக் கடை வாரியாக எழுதிவைப்பது என் பார்வையில் இந்தத் தொழிலின் மிக முக்கியமான நோட்டு. ஒரு கடை பாதிக்கு மேல் திருப்பினால், வாடகை, சம்பளம் எதையும் சேர்க்காமலே அந்தக் கடை நட்டம். 100 பன்னில் 40 திருப்பும் கடை வேறு மாதிரி. 60 விற்று 420 வருகிறது, செலவு 350. எழுபது ரூபாய் நிற்கிறது. அடுப்பில் இடம் காலியாக இருக்கும்வரை அந்த எழுபதும் வாடகைக்கு உதவும். இடம் நிறைந்த பிறகு, நன்றாக விற்கும் கடையின் இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு நிலையிலும் அங்கே வைக்கும் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

உள்ளேயும் ஒரு கசிவு உண்டு. 50 கிலோ மூட்டைக்கு 1,500 பன் வர வேண்டும். கை அளவில் வெட்டும்போது உருண்டை 65 கிராமுக்குப் போனால் 1,384-தான் வரும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூட்டை தீரும் ஒவ்வொரு முறையும் எத்தனை பன் வந்தது என்று எண்ணி எழுதினால் தெரிந்துவிடும்.

ஒரு மூட்டைக்கு மேல் போகும்போது கணக்கு மறுபடி மாறும். இரண்டு பேரால் ஒரு நாளைக்கு 1,500 பன்தான் முடியும் என்று வைப்போம். பத்துக்கு ஒன்று ரிட்டர்ன் போக, அப்போது மாத லாபம் 18,200. இன்னும் கடைகள் கேட்கிறார்கள் என்று 14,000 சம்பளத்தில் இன்னோர் ஹெல்பரைச் சேர்த்தால் நிலையான செலவு 1,05,000 ஆகிவிடும். சமநிலைப் புள்ளி 1,250-லிருந்து 1,442-க்கு ஏறும். பழைய 18,200 லாபத்தைத் திரும்பத் தொடவே நாளைக்கு ஏறக்குறைய 1,690 பன் சுட்டாக வேண்டும். கூடுதலாக 100 பன்னுக்கு மட்டும் ஆர்டர் இருக்கும்போது ஆள் சேர்ப்பவர், முன்பைவிட அதிகம் சுட்டுக் குறைவாகச் சம்பாதிப்பார். கூடுதலாக 300 பன்னுக்கு, அதே ரிட்டர்ன் அளவில், கடைகள் உறுதியாக இருந்தால் லாபம் 26,040 ஆக உயரும்.