அவையைத் திறக்கும் வணக்கம்

நுழையும்முன்

திருவிழாத் திடலில் கூடியிருப்போர் எல்லாரும் பாட்டுக் கேட்கவே வந்தவர் அல்லர். கடை பார்க்க வந்தவரும் உறவினரைத் தேடி வந்தவரும் அவர்களுள் உண்டு. சிதறிக் கிடக்கும் இக்கூட்டத்தைக் கதை கேட்கும் அவையாக மாற்றும் பொறுப்பு பாடகருடையது. முதற்பாடல் தொடங்குவதற்கு முன்பே அவர் அதனைச் செய்து முடிக்க வேண்டும். வில்லுப்பாட்டுக் கலைஞர் தம் வணக்கத்தால் இதனை எவ்வாறு நிகழ்த்துகிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கூட்டமும் அவையும்

கருநாடக இசையரங்கில் பாடகர் கைகூப்பி அமர்ந்ததும் பெரும்பாலும் வர்ணத்தைத் தொடங்கிவிடுவார். அங்கு வந்திருப்போர் இசை கேட்பதற்கென்றே வந்தவர்கள். ஆதலால் நீண்ட முன்னுரை வேண்டுவதில்லை. தென்மாவட்டக் கோவில் விழாக்களில் நிகழும் வில்லுப்பாட்டின் நிலை வேறு. மேடைக்கு முன் மண்தரை, சுற்றிலும் இரைச்சல், பாடப்போவதோ பல மணி நேரம் நீளும் கதை. தொடக்கத்தில் மனம் ஒன்றாதவர் இடையில் கதையைப் பற்றிக்கொள்வது அரிது. இதனாலேயே வில்லுப்பாட்டு, வணக்கத்தைத் தன் அமைப்பின் ஓர் உறுப்பாகவே வைத்துக்கொண்டது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழ்த்து என்பன அதன் மரபான பகுதிகள். கதைக்கு முன்வரும் பகுதிகள் அனைத்தும் ஏதேனும் ஒருவகையில் அவையைக் கதைக்கு ஆயத்தப்படுத்துவனவே.

சொல்லுக்கு முன் ஒலி

வணக்கம் சொல்லில் தொடங்குவதில்லை, ஒலியில் தொடங்குகிறது. ‘புலவர்’ என்றும் ‘அண்ணாவி’ என்றும் அழைக்கப்படும் முதற்பாடகர் வில்லின் நடுவே அமர்கிறார். இரு கைகளிலும் உள்ள வீசுகோல்களால் நாணை அடிக்கிறார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகின்றன. குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து விரைவு கொள்கின்றன. பிறகு எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன.

அவையின் செவி திறப்பது அந்த அமைதியில்தான். ஒலி எழும்போது தலைகள் திரும்புகின்றன. ஒலி நிற்கும்போது அடுத்து என்ன என்னும் எதிர்பார்ப்பு பிறக்கிறது. தேர்ந்த பாடகர் அந்த இடைவெளியை வீணாக்குவதில்லை. இரைச்சலுக்கு மேல் குரல் உயர்த்தாமல், குழு பாடப்போகும் சுருதியை ஒட்டிய குரலிலேயே முதற்சொல்லைச் சொல்கிறார். அதனால் பேச்சு பாட்டாக மாறும் இடம் கேட்போருக்குத் தனியே தெரிவதில்லை.

தாழ்ந்து நிற்பதன் வலிமை

வணக்கத்தின் உயிர்ப்பகுதி அவையடக்கம். இது மேடைக்கலை தனியே கண்டுபிடித்தது அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் ‘அவையடக்கியல்’ என்பதற்கு இலக்கணம் கூறுகிறது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க விரும்பிய பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டு கம்பர் இராமகாதையைத் தொடங்குகிறார். ஏட்டில் புலவர் செய்ததையே வில்லுப்பாட்டுக் கலைஞர் மேடையில் செய்கிறார்.

பாடகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும்போது கேட்போர் உயர்கின்றனர். ‘பிழை பொறுக்க வேண்டும்’ என்று வேண்டப்பட்டவர், பொறுப்பதற்கும் தீர்ப்புக் கூறுவதற்கும் உரியவர் ஆகிறார். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு இவ்வாறு ஒரு பொறுப்பு கிடைத்துவிடுகிறது. பொறுப்பு ஏற்றவர் எளிதில் எழுந்து போவதில்லை.

ஆலங்குளத்தில் ஓர் இரவு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆலங்குளத்தில் மாரியம்மன் கோவில் பொங்கல் விழா நடப்பதாகக் கொள்வோம். பாடவிருப்பது நல்லதங்காள் கதை. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் கதை அது. எனவே அவையினருக்கு அயலான கதை அன்று. ஒலி நின்றதும் புலவர் இவ்வாறு தொடங்கலாம்:

“வெயில்ல நின்னு வேலை பார்த்துட்டு, கஞ்சி குடிச்சதும் குடிக்காததுமா வந்திருக்கீக.”

“ஆமா!”

“விடிஞ்சா மறுபடியும் வேலைக்குப் போகணும்.”

“ஆமா, போகணும்!”

“அந்தத் தூக்கத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்த பெரியவுகளுக்கும் தாய்மாருக்கும் எங்க வணக்கம். இந்தக் கதையை உங்க பாட்டிமார் சொல்லக் கேட்டவுக நீங்க. உங்களுக்கே சொல்ல வந்திருக்கோம். ஒரு சொல் தவறினா, பேரப்பிள்ளை மழலைன்னு பொறுத்துக்கணும்.”

இங்கு ‘ஆமா’ என்பவர் பக்கப்பாட்டாளர். அவர் மேடையில் இருந்தாலும் அவையின் குரலாகவே பேசுகிறார். முதல் இரு தொடர்களும் எவரும் மறுக்க இயலாத உண்மைகள். அவற்றுக்கு மேடையிலிருந்து ‘ஆமா’ எழும்போது, கேட்போர் உள்ளமும் உடன்படுகிறது. அந்த உடன்பாட்டின்மேல்தான் வணக்கம் வைக்கப்படுகிறது. ‘அனைவருக்கும் வணக்கம்’ என்னும் பொதுச்சொல் எந்த ஊருக்கும் பொருந்தும். உழைத்த களைப்பையும் இழக்கும் தூக்கத்தையும் குறித்துச் சொன்ன வணக்கமோ எதிரே இருப்பவருக்கே உரியது.

அடுத்துப் புலவர் குரலைத் தாழ்த்துகிறார். “மழை பொய்ச்ச ஒரு காலத்துல, ஏழு பிள்ளைகளோட ஒருத்தி அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தா. அந்த வாசல் திறந்ததா?” இதற்கு ‘ஆமா’ இல்லை, உடுக்கை மட்டும் மெல்ல ஒலிக்கிறது. வருபொருள் உரைக்கப்பட்டுவிட்டது. கதையின் துயரச்சுவையும் அவையில் படியத் தொடங்கிவிட்டது. இனிப் பாட்டைத் தொடங்கலாம்.

வணக்கம் பிழைக்கும் இடங்கள்

இவ்வளவு கருதிச் செய்யும் வணக்கமும் தவறுவதுண்டு. முதலாவது பிழை, நீளம். விழாக்குழுவினர், நன்கொடையாளர் பெயர்களை அடுக்கினால், பெயர் சொல்லப்பட்டவர் மகிழ்வார். மற்றவர் தமக்குரிய பேச்சன்று எனக் கருதித் தம்முள் பேசத் தொடங்குவர். இரண்டாவது பிழை, சுவை மாறுபாடு. துயரக் கதைக்கு முன் நகைச்சுவையை மிகுதியாகச் சொன்னால், அவை அடுத்தடுத்த சிரிப்பை எதிர்பார்க்கும். பின்னர் நல்லதங்காள் அழும்போதும் எவரேனும் சிரிக்கக்கூடும். மூன்றாவது பிழை, கைதட்டலைக் கேட்டுப் பெறுதல். அவையைத் தலைவராக ஆக்கிய பாடகரே அவையை ஏவும் நிலை அப்போது உண்டாகிறது.

பிழை நேர்ந்ததை மேடையிலிருந்தே அறியலாம். முன்வரிசையைப் பார்த்துப் பயனில்லை. அங்கிருப்போர் எப்படியும் கேட்பர். திடலின் விளிம்பில் நிற்போரைப் பார்க்க வேண்டும். அவர்கள் அமர்ந்தால் வணக்கம் வென்றது. பக்கத்திலிருப்பவரோடு பேசினால் தோற்றது. அந்நிலையில் சொல்லை மேலும் நீட்டுவது பயன் தராது. அனுபவம் உள்ள புலவர் பேச்சை நிறுத்தி, வீசுகோலை எடுத்து, ஒலியிலிருந்து மீண்டும் தொடங்குவார்.

எனினும் வணக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. அது கேட்போரைக் கதையின் வாசல் வரை அழைத்து வரும். உள்ளே இருத்திவைப்பது கதையின் வேலை.

தெரியுமா?

வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 1928இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு இணைந்து பணியாற்றியவர். கோவில் விழாக்களில் வளர்ந்த வில்லுப்பாட்டை நகர மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுசென்றவர். இந்திய அரசு 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2022இல் மறைந்தார்.