டிசம்பர் 31-க்குள் போக வேண்டிய கடிதம்

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ஐந்து ஆண்டுகளில் சுமார் 1.5 கோடி டாலரை யாரும் பயன்படுத்தாத ஆரக்கிள் மென்பொருள் உரிமங்களுக்குக் கொடுத்திருக்கிறது. 2023 ஜனவரியில் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இதைச் சொன்னது. எத்தனை உரிமங்கள் உண்மையில் பயன்பாட்டில் இருக்கின்றன என்பது நாசாவுக்கே சரியாகத் தெரியவில்லை. விற்றவர்கள் ஆடிட் செய்து, வாங்கியதைவிட அதிகமாகப் பயன்படுத்துவதாகக் கண்டுபிடித்தால் பெரும் தொகை கட்ட வேண்டிவரும். அந்தப் பயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக வாங்கி வைத்தார்கள்.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. 2014-இல் அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு 24 பெரிய அரசுத் துறைகளை ஆராய்ந்தது. தங்களிடம் உள்ள மென்பொருள் உரிமங்களுக்கு முழுமையான பட்டியல் வைத்திருந்தவை இரண்டே துறைகள். 2016-இல், அப்படியொரு பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

பட்டியல் போடுவது ஏன் இவ்வளவு கடினம்? வேண்டிய விவரம் ஒரே காகிதத்தில் இருப்பதில்லை. முதலில் கையெழுத்தாகும் மூல ஒப்பந்தம் நாற்பது பக்கம் இருக்கலாம். அதில் எண்ணிக்கையே இருக்காது. எத்தனை சீட், என்ன விலை என்பது ஆர்டர் படிவத்தில் இருக்கும். பிறகு ஆள் கூடியபோது போட்ட திருத்த ஒப்பந்தம் வேறொருவரின் மின்னஞ்சலில் கிடக்கும். சில நிபந்தனைகள் காகிதத்திலேயே இல்லாமல், ‘எங்கள் இணையதளத்தில் உள்ளபடி’ என்று ஒரு சுட்டியோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் நாளை மாறலாம் என்பதால், கையெழுத்திட்ட நாளில் அது என்ன சொன்னது என்பதைச் சேமித்துவைக்க வேண்டும்.

இந்தக் குவியலிலிருந்து எடுக்க வேண்டியவை மூன்று: எத்தனை பேருக்கு வாங்கியிருக்கிறோம், எந்தத் தேதிவரை, என்னென்ன கட்டுப்பாடுகளோடு. எப்படி எடுப்பது என்பதைக் கற்பனையான ஓர் அலுவலகத்தை வைத்துப் பார்ப்போம்.

அந்த அலுவலகம் விற்பனைப் பிரிவுக்காக ஒரு மென்பொருளை வாங்குகிறது. 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கி மூன்று ஆண்டு ஒப்பந்தம். ஆர்டர் படிவத்தில் 300 சீட். ஒரு சீட்டுக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய். 2024 நவம்பரில் ஒரு திருத்தம் வருகிறது. அதில் ‘எண்ணிக்கை 360’ என்று மட்டும் இருக்கிறது.

முதல் வழுக்கல் இங்கேதான். அது கூடுதலாக 360-ஆ, மொத்தமே 360-ஆ? அவசரத்தில் கூட்டிவிட்டால் பட்டியலில் 660 என்று ஏறிவிடும். ஸ்கேன் செய்த காகிதமாக இருந்தால் 360 என்பதைக் கணினி 350 என்று படித்துவிடவும் கூடும். இரண்டையும் ஒரு பெருக்கலில் சரிபார்க்கலாம். முழு ஆண்டுக்கான பில் தொகை 64,80,000 ரூபாய். அதை 18,000-ஆல் வகுத்தால் 360 வருகிறது. ஆக, மொத்தமே 360. கைதேர்ந்தவர்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்திலேயே அது எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று எழுதிவைப்பார்கள். கையெழுத்தான பிரதிதானா, இடையில் சுற்றிய வரைவா என்பதையும் குறிப்பார்கள்.

அடுத்து, எத்தனை சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறது? நிர்வாகத் திரையைப் பார்த்தால் 342 பேருக்குக் கொடுத்திருக்கிறது. 18 சீட் யாருக்குமே கொடுக்கப்படவில்லை. அந்த 342 பெயர்களை ஹெச்.ஆர். பட்டியலோடு ஒப்பிட்டால் 41 பேர் வேலையை விட்டுப் போனவர்கள். மிச்சமுள்ளவர்களில் 57 பேர் 90 நாட்களாக உள்ளே நுழையவில்லை.

இந்த 57-ஐ அப்படியே வீண் என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு பெயராக விசாரித்தால், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டும் நுழைபவர்கள் 9 பேர், மகப்பேறு விடுப்பில் 6 பேர் என்று தெரிகிறது. இன்னும் 4 கணக்குகள் மனிதர்களே இல்லை. வேறொரு மென்பொருள் தரவை எடுக்கப் பயன்படுத்தும் கணக்குகள் அவை. அவற்றை வெட்டினால் மறுநாள் காலை பில் போடும் வேலை நின்றுவிடும். இந்த 19-ஐக் கழித்தால் 38. ஆக, 18, 41, 38 சேர்ந்து 97 சீட் சும்மா இருக்கிறது. புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கு 17 ஒதுக்கினாலும் 80 சீட்டைக் குறைத்து, 280-க்கு இறங்கலாம்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நஷ்டம். ஒப்பந்தத்தின் விலை இணைப்பில் இன்னொரு வரி இருக்கிறது: 18,000 ரூபாய் விலை 300 சீட்டும் அதற்கு மேலும் வாங்கினால்தான்; அதற்குக் கீழே போனால் ஒரு சீட் 19,800 ரூபாய். 280 சீட்டுக்கு அந்த விலையில் 55,44,000 ரூபாய் ஆகிறது. 300 சீட்டுக்கோ 54,00,000 ரூபாய்தான். இருபது சீட் சும்மா கிடந்தாலும் 300-இல் நிற்பதே மலிவு. இப்போதைய பில்லோடு பார்த்தால் ஆண்டுக்கு 10,80,000 ரூபாய் மிச்சம்.

கட்டுப்பாடுகள் வேறு வகையிலும் கணக்கை மாற்றும். பெயர் குறித்துக் கொடுக்கும் சீட்டை இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு என்று மாற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட் உரிமங்கள் பலவற்றில், ஒருவருக்குக் கொடுத்ததை 90 நாட்களுக்குள் மற்றவருக்கு மாற்றக் கூடாது என்பது பொதுவிதி. ஆள் நிரந்தரமாக விலகினால் விலக்கு உண்டு. அதேபோல், இந்த அலுவலகத்தில் மீதமிருக்கும் சீட்டைத் துணை நிறுவனத்தில் இருப்பவருக்குத் தரலாமா என்பதற்கு ஒப்பந்தத்தில் ‘பயனர்’ என்ற சொல்லுக்கு எழுதியிருக்கும் விளக்கம்தான் பதில். அதைப் படிக்காமல் கொடுத்தால், மிச்சம் பிடிக்கப்போய் ஆடிட்டில் மாட்ட நேரும்.

இனி தேதி. நிர்வாகத் திரையில் ஒருவரின் கணக்கை முடக்கிவிட்டால் பில் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். கால வரையறை உள்ள ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அப்படி நடக்காது. இடைக்காலத்தில் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது. குறைக்கும் வாய்ப்பு புதுப்பிக்கும்போதுதான் வருகிறது. அந்தக் கதவும் முன்கூட்டியே மூடிவிடும். நம் உதாரணத்தில் ஒப்பந்தம் 2026 மார்ச் 31-இல் முடிகிறது. குறைந்தது 90 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், அதே எண்ணிக்கையில் இன்னும் ஓராண்டுக்குத் தானாக நீளும். மார்ச் 31-இலிருந்து 90 நாள் பின்னோக்கி எண்ணினால் 2025 டிசம்பர் 31. பிப்ரவரியில் உட்கார்ந்து 97 சீட்டையும் கண்டுபிடித்தால், அந்த ஆண்டுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது.

அதனால் அனுபவசாலிகள் சீட்டை எண்ணுவதற்கு முன்பே எல்லா ஒப்பந்தங்களிலிருந்தும் இந்த ஒரு தேதியை மட்டும் எடுத்து, நெருங்கி வருவதை மேலே வைத்து அடுக்கிவிடுகிறார்கள். நோட்டீஸ் யாருக்கு, எந்த முகவரிக்கு, எந்த வழியில் போக வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறார்கள். வழக்கமாகப் பேசும் விற்பனைப் பிரதிநிதிக்கு மின்னஞ்சல் போட்டால் அது நோட்டீஸ் ஆகாமல் போகலாம். சட்டப் பிரிவுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லியிருக்கும். நம் அலுவலகம் அக்டோபரில் எண்ணத் தொடங்கி, நவம்பரில் 57 பேரை விசாரித்து, டிசம்பர் இரண்டாம் வாரம் கடிதத்தை அனுப்ப வேண்டும். ‘360 சீட்டில் புதுப்பிக்க விரும்பவில்லை, 300 சீட்டுக்கு இதே விலையில் புதிய ஆர்டர் படிவம் அனுப்புங்கள்’ என்ற இரண்டு வரி போதும். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீது, ஒப்பந்தக் கோப்பிலேயே இருக்க வேண்டும்.