படத்தில் பாட்டில் கிரீன், பார்சலிலும் அதே பாட்டில் கிரீன்

ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் பக்கம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். ஒரே டி-ஷர்ட் நேவி ப்ளூ, மெரூன், கடுகு மஞ்சள், பாட்டில் கிரீன் என்று பத்துப் பன்னிரண்டு நிறங்களில் வரிசையாக இருக்கும். இடது கையில் விழுந்திருக்கும் மடிப்பைக் கவனியுங்கள். எல்லா நிறத்திலும் அந்த மடிப்பு ஒரே இடத்தில், ஒரே வளைவில் இருந்தால், கேமரா முன் நின்றது ஒரே ஒரு சட்டைதான். மற்ற நிறங்கள் கணினியில் ஏற்றப்பட்டவை.

இப்படிச் செய்வதில் தவறு ஒன்றுமில்லை. திருப்பூர் போன்ற ஊரில் பக்கம் திறக்கவேண்டிய நாளில் பாதி நிறங்கள் இன்னும் சாயப்பட்டறையில் இருக்கும். எல்லா நிறத்திலும் ஒரு சட்டை தைத்து, மாடலுக்கு மாட்டி, தனித்தனியாகப் படமெடுப்பது சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கணினியில் ஏற்றிய நிறத்துக்குப் பின்னால் துணி கிடையாது. அதைத் துணியோடு யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் ஒழிய, அது படம் திருத்தியவரின் ஊகம் மட்டுமே. வாங்கியவர் பார்சலைப் பிரிக்கும்போது அந்த ஊகம் வெளிப்பட்டுவிடுகிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன.

ஊகத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஒரு துண்டுத் துணி, ஒரு கிரே கார்டு, ஒரு வகுத்தல் கணக்கு ஆகியவை போதும்.

எந்தத் துண்டு?

முதல் பிழை பெரும்பாலும் துணித் துண்டைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. சாயப்பட்டறை ஒப்புதலுக்காக முதலில் அனுப்பும் சிறு மாதிரிக்கு லேப் டிப் என்று பெயர். ஆய்வகத்தில் சில கிராம் துணியை நனைத்து எடுத்தது அது. அதே நிறத்தை மொத்தத் துணிக்கு ஏற்றும்போது ஷேடு கொஞ்சம் நகரும். பிறகு சாஃப்ட்னர் போட்டு, காயவைத்து, காம்பாக்டிங் முடிந்து வரும்போது மேலும் சற்று மாறும். எனவே படத்தை ஒப்பிட வேண்டியது லேப் டிப்போடு அல்ல. தையலுக்குப் போகும் முடிந்த துணியிலிருந்து வெட்டிய பிட்டோடு.

அந்தப் பிட்டை நான்காக மடித்துவைக்க வேண்டும். பனியன் துணியின் கண்ணிகள் வழியே அடியில் இருக்கும் மேசை தெரியும். வெள்ளை மேசைமேல் ஒற்றையாக விரித்தால் பச்சை வெளிறிக் காட்டும். ஒளிமானி வைத்துத் துணியை அளக்கும் ஆய்வகங்களிலும் துணியை மடித்துத்தான் வைக்கிறார்கள், காரணம் இதுவே.

ஒரே வெளிச்சம்

பிட்டை ஜன்னலோரத்தில் கைபேசியில் படமெடுத்து, அந்த நிறத்தை ஸ்டுடியோவில் எடுத்த சட்டைக்கு ஏற்றினால் இரண்டும் பொருந்தாது. மேகம் மூடிய வானத்தின் வெளிச்சத்தில் நீலம் கூடுதல்; பழைய குண்டு பல்பில் மஞ்சள் கூடுதல். துணியிலிருந்து திரும்பிவரும் ஒளியும் அதற்கேற்ப மாறும்.

ஆகவே மாடல் சட்டை போட்டு நிற்கும் அதே இடத்தில், அதே விளக்குகளின் கீழ், கேமராவின் அமைப்புகளை மாற்றாமல் இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதில் சட்டையின் நெஞ்சுப் பகுதி இருந்த அதே தளத்தில் எல்லா நிறப் பிட்டுகளும் கிரே கார்டும் இருக்கட்டும். கிரே கார்டில் எந்த நிறச் சாயலும் கிடையாது. படத்தில் அது சற்று மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், அதை வைத்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, அதே திருத்தத்தைச் சட்டையின் படத்துக்கும் போட வேண்டும். இப்போது சட்டையும் பிட்டும் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. இனிமேல்தான் நிறத்தின் எண்களுக்கு அர்த்தம் உண்டு.

மூலச் சட்டை வெளிர் சாம்பல் நிறத்தில் இருப்பது நல்லது. தூய வெள்ளையில் வெளிச்சம் பட்ட இடங்கள் வெளுத்துப்போய் துணியின் விவரம் அழிந்துவிடும். கறுப்பில் நிழல்களுக்குள் விவரமே பதிவாகியிருக்காது. அதை மஞ்சளாக்க முயன்றால் புள்ளி புள்ளியாகப் புகைதான் எழும்.

பாட்டில் கிரீனுக்கு ஒரு கணக்கு

பிட்டின் படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியை ஒற்றைப் புள்ளியில் வைக்காமல் 31 by 31 Average என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றைப் புள்ளி ஒரு நூலின் நிழலில் விழக்கூடும். பாட்டில் கிரீன் பிட் சிவப்பு 31, பச்சை 79, நீலம் 60 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாம்பல் சட்டையின் நெஞ்சில், மடிப்பில்லாத சமதளப் பகுதி மூன்றிலும் 185 காட்டுகிறது.

சட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன்மேல் ஒரு நிற அடுக்கைப் போட வேண்டும். அந்த அடுக்கைக் கீழே உள்ள படத்தோடு எப்படிக் கலப்பது என்பதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. பலர் Color என்ற கலப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நிறச்சாயலையும் செறிவையும் மட்டும் மாற்றும்; வெளிச்ச அளவைத் தொடாது. சாம்பல் சட்டையின் வெளிர்த்தன்மை அப்படியே தங்கி, பாட்டில் கிரீன் கேட்ட இடத்தில் வெளிர்ப் பச்சை வந்து நிற்கும்.

Multiply என்ற கலப்பு துணியின் இயல்புக்கு நெருக்கமானது. கீழே உள்ள ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் மேலடுக்கின் எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுக்கும். நிழல் நிழலாகவே இருக்கும், ஆனால் புதிய நிறத்துக்கேற்ற விகிதத்தில். இதிலும் ஒரு கண்ணி உண்டு. பிட்டின் எண்களை அப்படியே நிரப்பினால், 185-ஐ 255-ஆல் வகுத்து வரும் 0.725-ஆல் அவை குறைந்து, 22, 57, 44 என்று இறங்கிவிடும். திரையில் தெரிவது கிட்டத்தட்டக் கரும்பச்சை.

ஆகவே முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும். பிட்டின் ஒவ்வொரு எண்ணையும் 0.725-ஆல் வகுத்தால் 43, 109, 83 வரும். இதை நிரப்பினால் நெஞ்சுப் பகுதி மீண்டும் 31, 79, 60-க்கு வந்து நிற்கும். சாம்பல் சட்டையின் மடிப்பு நிழலில் 132 இருந்தால், அங்கே 22, 56, 43 கிடைக்கும். நிழல் இருண்டிருக்கும், ஆனால் அதில் பச்சை இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கழிக்கும் முறையில் மடிப்புகள் கறுத்து, சட்டை அழுக்கேறியது போலாகிவிடும்.

கழுத்து ரிப், லேபிள், வேறு நிறத் தையல் நூல், பொத்தான் ஆகியவற்றைத் தேர்விலிருந்து விலக்கிவைக்க வேண்டும். ரிப் தனியாகப் பின்னி, பல நேரம் தனியாகச் சாயமேற்றியது. அதற்குத் தனிப் பிட், தனிக் கணக்கு.

கண்ணுக்குத் தெரியும் தூரம்

பொருந்திவிட்டதா என்று சோதிக்க Lab எண்களைப் பார்ப்பது நல்லது. L வெளிச்சம், 0 கறுப்பு, 100 வெள்ளை. a என்பது பச்சையிலிருந்து சிவப்புக்கும், b என்பது நீலத்திலிருந்து மஞ்சளுக்கும் போகும் கோடு. நம் பிட் சுமார் L 30, a -22, b 6 காட்டும். ஈடுகட்டாமல் நிரப்பிய படம் சுமார் 21, -17, 4. மூன்று வித்தியாசங்களையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் இரண்டு நிறங்களுக்கும் இடையிலான தூரம் கிடைக்கும். சாயத்தொழிலில் அதை டெல்டா ஈ என்பார்கள். இங்கே அது 10-ஐத் தாண்டுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2, 3 அளவிலேயே பெரும்பாலானோர் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்துவிடும். 10 என்றால் நினைவில் வைத்திருந்த நிறத்தோடு ஒப்பிட்டுக்கூட வாங்கியவர் கண்டுபிடித்துவிடுவார்.

எண் பொருந்திய பிறகும் கண் பார்த்தாக வேண்டும். சில சாயங்கள் சிவப்பின் கடைக்கோடியில், நம் கண் அதிகம் உணராத ஒளியைத் திருப்பி அனுப்பும். அதில் ஒரு பங்கைக் கேமரா பிடித்துக்கொள்ளும். நேவி ப்ளூ ஊதாவாகவும், பாலியெஸ்டர் கறுப்பு பழுப்பாகவும் படத்தில் விழுவது இதனால் நேரலாம். இங்கே பிட்டின் படமே தவறு. எனவே அளவீடு செய்த மானிட்டருக்குப் பக்கத்தில், லைட் பாக்ஸில் D65 எனப்படும் பகல் வெளிச்சத்தைப் போட்டு, உண்மையான பிட்டை வைத்து ஒப்பிட வேண்டும். லைட் பாக்ஸ் இல்லாதவர்கள் நேரடி வெயில் படாத முற்பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தலாம். வித்தியாசம் தெரிந்தால் கண் சொல்வதற்கே முன்னுரிமை.

கடைசியாக, படத்தை sRGB-யில் சேமித்து, இரண்டு மூன்று கைபேசிகளில் பார்க்க வேண்டும். வாங்குபவர் இரவு நேரத்து மஞ்சள் திரையில் பார்த்தால் அதற்கு விற்பவர் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பின்னணியை நிறமற்ற வெளிர் சாம்பலாக வைக்கலாம், பகல் வெளிச்சத்தில் எடுத்த பிட்டின் நெருக்கப் படத்தையும் சேர்த்துப் போடலாம்.

ஏற்றவே கூடாதவை

சில துணிகளுக்கு இந்த முறை உதவாது. நியான் நிறங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் வாங்கித் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருபவை. அந்தப் பளிச்சிடல் sRGB திரையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மெலாஞ்ச் துணியில் இரண்டு நிற இழைகள் கலந்திருப்பதால் ஒற்றை நிற அடுக்கு அதைத் தட்டையாக்கிவிடும். பட்டில் பளபளக்கும் இடம் துணியின் நிறத்தைக் காட்டுவதில்லை, விளக்கின் வெண்மையைக் காட்டுகிறது. Multiply அதையும் பச்சையாக்கி, பட்டை ரப்பராக்கிவிடும். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்த மயில்கழுத்துப் புடவையோ பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறுவது. ஒரு படத்தில் நிறமேற்றி அதைச் சொல்லவே முடியாது. இவற்றை உண்மையாகவே படமெடுத்தாக வேண்டும்.

சாதாரணப் பருத்தி டி-ஷர்ட்டிலும் ஒருமுறை பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. அடுத்த லாட் சாயப்பட்டறையிலிருந்து வரும்போது அதன் ஷேடு பழைய லாட்டிலிருந்து விலகியிருக்கலாம். பழைய பிட்டைத் தேதியும் லாட் எண்ணும் எழுதி, வெயில் படாத உறையில் வைத்திருந்தால், புதிய துணியை அதன்மேல் வைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விலகியிருந்தால் புதிய பிட்டின் எண்களை 0.725-ஆல் வகுத்து, அந்த ஒரு அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். சட்டையைத் தேர்ந்தெடுத்த வேலையெல்லாம் ஏற்கெனவே முடிந்திருக்கிறது. புதிய லாட்டின் முதல் பார்சல் கிளம்புவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.