டூட்டி லிஸ்ட்டில் தொலைந்த அரை மணி நேரம்

ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும்? இதற்கான பதில் ஒரே தாளில் இருப்பதில்லை. பணியிட ஆணையில் கொஞ்சம், விடுப்பு விதியில் கொஞ்சம், நர்சிங் கண்காணிப்பாளரின் சுற்றறிக்கைகளில் மீதி என்று சிதறிக் கிடக்கும். டூட்டி போடுபவருக்காக அவற்றை ஒரு பக்கச் சுருக்கமாக்கும்போதுதான் சிக்கல் தெரியும்.

உதாரணத்துக்கு, 30 படுக்கைகள் உள்ள பொது வார்டு ஒன்றை வைத்துக்கொள்வோம். பகலில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் 10 பேருக்கு ஒருவர் என்கிறது ஆணை. அப்படியானால் காலையில் 6 பேர், மாலையில் 6 பேர், இரவில் 3 பேர். காலை 8 முதல் 2 வரை, 2 முதல் 8 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை என்று மூன்று டூட்டி. நாளொன்றுக்கு 108 மணி நேரம், வாரத்துக்கு 756. ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்று வகுத்து, விடுப்புக்கு 30 சதவீதம் கூட்டினால் 20.5 வருகிறது. ஆக 21 பேர்.

இதே மருத்துவமனையின் பழைய சுற்றறிக்கை ஒன்றில், 'அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைத்த பிறகே கிளம்ப வேண்டும், அதற்கு அரை மணி நேரம்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைச் சேர்த்தால் நாளுக்கு 115.5 மணி நேரம். அதே கணக்கில் 21.9, அதாவது 22 பேர். 21 பேரை வைத்தே ஓட்டினால், எழுதப்படாத கூடுதல் வேலையாக அந்த நேரம் நர்ஸ்கள் தலையில் விழும்.

ஓய்வு விதியும் இதே இடத்தில்தான் இடறுகிறது. இரண்டு டூட்டிக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்று விதி இருந்தால், மாலை டூட்டி முடித்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு வருவது தாளில் சரியாகத்தான் தெரியும். ஆனால் அவர் கிளம்பியது இரவு 8.30 மணிக்கு. கிடைத்த ஓய்வு பதினொன்றரை மணி நேரமே.

'நைட் ஆஃப்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். திங்கள் காலை இரவு டூட்டி முடித்தவருக்கு ஆஃப் அந்தத் திங்களா, செவ்வாயா? ஆணை சொல்லாவிட்டால் நாமே நிரப்பக் கூடாது. 'குறிப்பிடப்படவில்லை' என்று எழுதிவிட்டுக் கண்காணிப்பாளரிடம் கேட்க வேண்டும்.

அதனால் சுருக்கத்தில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே எந்த ஆணை, என்ன தேதி, எந்தப் பக்கம் என்று குறியுங்கள். டூட்டி நேரத்தை எழுதும்போது, நர்ஸ் வார்டை விட்டு உண்மையில் கிளம்பும் நேரத்தையே எழுதுங்கள்.