42ஆவது ஃபிரேமில் ஒரு சிவப்புக் கோடு

லாஸ் ஏஞ்சலிஸில் இயக்குநர் காலை 9 மணிக்கு உட்காரும்போது, கோடையில், சென்னை அனிமேட்டருக்கு இரவு 9.30. அவர் தூங்கி எழுவதற்குள் திருத்தங்கள் வந்திருக்க வேண்டும். “குதிப்பில் கனம் இல்லை” என்று மட்டும் எழுதினால், விளக்கம் கேட்டு வாங்கவே ஒரு நாள் போய்விடும். அதனால் இயக்குநர் 42ஆவது ஃபிரேமை நிறுத்தி, தரையிறங்கும் பாத்திரத்தின் இடுப்பு எதுவரை தாழ வேண்டும் என்று அதன்மேலேயே சிவப்புக் கோடு போடுகிறார். பக்கத்தில், “இங்கே இன்னும் 3 ஃபிரேம் நிற்கட்டும்”. நொடிக்கு 24 ஃபிரேம். எட்டில் ஒரு நொடிதான் கூடுகிறது, ஆனால் கனம் வந்துவிடும்.

ஒருவர் மென்பொருள் 1இலிருந்தும் மற்றவருடையது 1001இலிருந்தும் எண்ணினால் குழப்பம்தான். எனவே ஃபிரேம் எண்ணைப் படத்தின் மூலையிலேயே பதித்து அனுப்புகிறார்கள். கெடு, சென்னை நேரம் மாலை 6 மணி. நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனாலும் அது மாறாது. வேலை முடியாவிட்டால், முடிந்தவரை ஏற்றிவிட்டு, எந்த ஃபிரேமோடு நின்றது என்று எழுதிவிடுகிறார் அனிமேட்டர்.