4.8 பெரியதா, 4.63 பெரியதா? தசமப் பாடம் தொடங்கும் முன் ஆறு கேள்விகள் எதைக் காட்டிக்கொடுக்கும்?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜோகூர் பாருவை நோக்கிப் போகிறவர்கள் பலரும் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் ஊர் யோங் பெங். அங்குள்ள கடைகளின் குளிர்பெட்டிகளில் 1.5 லிட்டர் பாட்டிலும் 1.25 லிட்டர் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். எது பெரிய பாட்டில் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பாட்டிலை மறைத்துவிட்டு இரண்டு எண்களை மட்டும் தாளில் எழுதிக் கேட்டால், பத்து வயதுப் பிள்ளைகள் பலர் 1.25-ஐத்தான் காட்டுவார்கள். காரணம் கேட்டால் தயங்காமல் பதில் வரும்: "25 பெருசு தானே டீச்சர், 5 சின்னது."

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பிள்ளையிடம் ஒரு விதி இருக்கிறது. அதைத்தான் ஒவ்வொரு கணக்கிலும் ஒழுங்காகப் பயன்படுத்துகிறது. விதிதான் தவறு. புதிய பாடத்தைத் தொடங்கும் முன்பே அந்த விதி என்னவென்று கண்டுபிடிக்க உதவுவதுதான் குறையறி சோதனை.

இதை மிக நுணுக்கமாகச் செய்து காட்டியவர்களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் முக்கியமானவர்கள். 1990-களின் பிற்பாதியில், நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஒரே மாதிரியான சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். கேள்வி ரொம்பச் சுலபம்: இரண்டு தசம எண்கள் இருக்கும், பெரியதை வட்டமிட வேண்டும், அவ்வளவுதான். எந்த ஜோடிகளைக் கொடுப்பது என்பதில்தான் சூட்சுமம்.

ஆறு ஜோடிகள்

அவர்களுடைய சோதனையில் 30 ஜோடிகள் இருந்தன. நம் வகுப்பறைக்கு ஆறு போதும். இரண்டு தசம இடங்களைப் படித்து முடித்த வகுப்பு, மூன்றாவது இடத்துக்குப் போகப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், பாடநூலைத் திறக்கும் முன், இந்தத் தாளைக் கொடுக்கலாம். பெரியதை வட்டமிட வேண்டும். இரண்டும் சமம் என்று நினைத்தால் சமக்குறி போட வேண்டும்.

1) 4.8 — 4.63
2) 0.5 — 0.36
3) 5.736 — 5.62
4) 0.3 — 0.426
5) 4.08 — 4.7
6) 2.45 — 2.453

இப்போது மூன்று பிள்ளைகளின் தாளைப் பார்ப்போம். இவர்கள் உதாரணத்துக்காகச் சொல்லப்படுபவர்கள். ஆனால் இவர்கள் வைத்திருக்கும் விதிகள் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தென்பட்டவை.

முதல் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் வருவதை ஒரு முழு எண்ணாகப் படிக்கிறது. 63 என்பது 8-ஐ விடப் பெரியது, ஆகவே 4.63. அதே மாதிரி 0.36, 4.08. முதல், இரண்டாம், ஐந்தாம் கேள்விகள் தவறு. ஆனால் மூன்றாவதில் 736 பெரியது, நான்காவதில் 426 பெரியது, ஆறாவதில் 453 பெரியது. மூன்றும் சரி! மதிப்பெண் ஆறுக்கு மூன்று.

இரண்டாவது பிள்ளை நேர் எதிர். "நூறில் ஒன்று, பத்தில் ஒன்றைவிடச் சின்னது, ஆயிரத்தில் ஒன்று அதைவிடச் சின்னது. அதனால் இலக்கம் கூடக் கூட எண் சின்னதாகிவிடும்" என்பது அதன் கணக்கு. 4.8, 0.5, 4.7 மூன்றும் சரியாக வந்துவிடும். ஆனால் 5.62, 0.3, 2.45 என்று மற்ற மூன்றையும் கோட்டைவிட்டுவிடும். இதற்கும் ஆறுக்கு மூன்று.

மதிப்பெண் புத்தகத்தில் இருவரும் ஒன்று. இருவருக்கும் 'தசமம் சுமார்' என்று எழுதிவிட்டு ஒரே பயிற்சியைக் கொடுத்தால் என்ன ஆகும்? "நீளமாக இருந்தால் பெரியது என்று நினைக்காதே" என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னால், முதல் பிள்ளைக்கு அது கொஞ்சம் உதவும். இரண்டாவது பிள்ளையோ, தான் நினைத்தது சரிதான் என்று இன்னும் உறுதியாகிவிடும். சில சமயம் முதல் பிள்ளையும் அந்தப் பக்கம் தாவிவிடும். அதனால்தான் இந்தத் தாளில் எத்தனை சரி என்று எண்ணக்கூடாது. எவை சரி, எவை தவறு என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது பிள்ளையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். முதல் ஐந்தும் சரி. ஆறாவதில் மட்டும் சமக்குறி. ஐந்து மதிப்பெண் எடுத்த பிள்ளையை யார் கவனிக்கப்போகிறார்கள்? ஆனால் இது தசமத்தைப் பணமாகவே பார்க்கிறது. 2.45 என்றால் இரண்டு வெள்ளி நாற்பத்தைந்து காசு; அதற்குப் பின்னால் வரும் 3 அதற்கு அர்த்தமில்லாதது. மூன்றாவது தசம இடத்தைக் கற்பிக்கப்போகும் ஆசிரியருக்கு இந்த ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல்.

தவறான விதி ஏன் இவ்வளவு நாள் தப்பிக்கிறது?

கடைக்குப் போய்ப் பாருங்கள். விலை RM4.80 என்றுதான் இருக்கும், RM4.8 என்று யாரும் எழுதுவதில்லை. மின்தராசு 0.8 கிலோவை 0.800 என்றே காட்டும். எல்லா எண்களுக்கும் புள்ளிக்குப் பின்னால் ஒரே நீளம். அப்படி இருக்கும்போது 80-ஐயும் 63-ஐயும் முழு எண்களாக ஒப்பிட்டாலும் சரியான விடைதான் வரும். வீட்டிலும் கடையிலும் நாள்தோறும் வேலை செய்கிற விதியைப் பிள்ளை எதற்காகச் சந்தேகிக்க வேண்டும்? நாமும் "நாலு வெள்ளி அறுபத்து மூணு காசு" என்றுதானே வாசிக்கிறோம். அதே வாசிப்பு வகுப்பறைக்கு வந்து "நான்கு புள்ளி அறுபத்து மூன்று" ஆகிவிடுகிறது. "நான்கு புள்ளி ஆறு மூன்று" என்று வாசிக்கப் பழக்குவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த அறுபத்து மூன்று காதில் விழாமல் இருப்பதே பாதி உதவி.

இரண்டாவது விதி பெரும்பாலும் பாடத்திலிருந்தே பிறக்கிறது. பின்னத்தில் 1/100 என்பது 1/10-ஐவிடச் சிறியது என்று படித்த பிள்ளை, எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்பதை மறந்து, துண்டின் அளவை மட்டும் பிடித்துக்கொள்கிறது. மெல்பர்ன் ஆய்வில் முதல் வகைச் சிந்தனை வயது ஏற ஏறக் குறைந்தது. இரண்டாம் வகை இடைநிலைப்பள்ளி மாணவர்களிடமும் விடாமல் இருந்தது.

இன்னொரு சிக்கல், வகுப்பறைகளில் பரவலாகச் சொல்லித்தரும் குறுக்குவழி: நீளம் குறைந்த எண்ணின் கடைசியில் சுழியம் சேர்த்துச் சமமாக்கிவிட்டு ஒப்பிடு. 4.8-ஐ 4.80 ஆக்கினால் விடை சரியாக வரும். ஆனால் 80-உம் 63-உம் மறுபடியும் முழு எண்களாகத்தான் ஒப்பிடப்படுகின்றன. பழைய விதி அப்படியே உள்ளே இருக்கிறது. சுழியம் சேர்க்க மறந்த நாளில் அது வெளியே வரும்.

தாளைத் திருத்திய பிறகு

மூவருக்கும் ஒரே கருவி போதும்: ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சி ஒன்று, பிறகு அட்டையில் வெட்டிய துண்டுகள். முழுக் குச்சிதான் 1. அதில் 10 சென்டிமீட்டர் துண்டு 0.1, 1 சென்டிமீட்டர் துண்டு 0.01, 1 மில்லிமீட்டர் 0.001. மெல்பர்ன் குழுவும் குழாய்த் துண்டுகளைக் கொண்டு இதே மாதிரி நீளத்தை வைத்துத்தான் விளக்கியது. கருவி ஒன்றுதான் என்றாலும் கேட்கிற கேள்வி வேறு.

முதல் பிள்ளையிடம் 0.8-ஐயும் 0.63-ஐயும் துண்டுகளால் கட்டச் சொல்ல வேண்டும். எட்டுப் பெரிய துண்டு ஒரு பக்கம். ஆறு பெரிய துண்டும் மூன்று சின்னத் துண்டும் மறுபக்கம். அந்த மூன்றும் சேர்ந்தால்கூட இன்னொரு பெரிய துண்டுக்கு ஈடாகாது என்பதைப் பிள்ளையே பார்க்கும். இரண்டாவது பிள்ளையிடம் 0.3-ஐயும் 0.426-ஐயும் கொடுத்து, "முதலில் எந்தத் துண்டை எத்தனை வைப்பாய்?" என்று கேட்கலாம். நான்கு பெரிய துண்டு வைத்தவுடனே மூன்றைத் தாண்டிவிடும். பிறகு வருகிற சின்னத் துண்டுகள் நீளத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மூன்றாவது பிள்ளைக்கு 2.45-க்குப் பக்கத்தில் இன்னும் மூன்று மில்லிமீட்டர் வைத்துக் காட்டினால் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: நீளத்தை அளவுகோலில் "63 சென்டிமீட்டர்" என்று வாசிக்க விட்டால் முழு எண் மறுபடி நுழைந்துவிடும். துண்டுகளைத்தான் எண்ண வேண்டும்.

நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகள் மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகள். பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் பத்துத் தாளையும் இந்த மாதிரி பிரித்து அடுக்க ஐந்து நிமிடம் பிடிக்கலாம். முப்பது பேர் இருந்தால் நேரம் கூடும், ஆனால் முதலாவது, நான்காவது கேள்விகளை மட்டும் பார்த்தாலே முதல் இரண்டு குவியலும் பிரிந்துவிடும்.

எங்கே தப்பாகப் போகலாம்?

ஜோடிகளைத் தேர்ந்தெடுப்பதில். 3.47, 3.74 என்று நீளம் ஒன்றாக உள்ள எண்களைக் கொடுத்தால் மேலே சொன்ன மூவருமே முழு மதிப்பெண் எடுப்பார்கள்; சோதனை ஒன்றையும் காட்டாது. எல்லாமே 5.736, 5.62 மாதிரி இருந்தால் முதல் பிள்ளை வகுப்பில் முதலிடம்.

ஊகித்து எழுதுவது இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை வட்டமிட்டால் ஆறும் சரியாக வரும் வாய்ப்பு 64-இல் 1தான். ஆனால் எந்த விதிக்குள்ளும் அடங்காத தாள்கள் நிச்சயம் வரும். அந்தப் பிள்ளைகளை எதாவது ஒரு குவியலில் திணிக்காமல், ஒரு ஜோடியைக் காட்டி "ஏன்?" என்று நேரில் கேட்பதுதான் வழி. அறிவியலில் இந்த "ஏன்" தாளிலேயே இடம்பெறுகிறது. ஆஸ்திரேலியக் கல்வியாளர் டேவிட் டிரீகஸ்ட் 1980-களில் உருவாக்கிய ஈரடுக்குச் சோதனைகளில், முதல் அடுக்கு விடையைக் கேட்கும், இரண்டாம் அடுக்கு அதற்கான காரணத்தைக் கேட்கும். தாவரம் இரவில் சுவாசிக்குமா என்று கேட்டால் ஆம் என்ற விடை சரி. ஆனால் 'பகலில் சுவாசிக்காது, உணவு மட்டுமே தயாரிக்கும்' என்பதைக் காரணமாகத் தேர்ந்தெடுத்த மாணவருக்கு அந்தப் பாடம் இன்னும் தொடங்கவே இல்லை. தாவரம் இரவு பகல் இரண்டிலும் சுவாசிக்கிறது.

இந்தத் தாளுக்கு மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுக்கவோ தேர்ச்சி நிலையாகப் பதிவு செய்யவோ கூடாது. மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதும். அப்போது தெரியவருவது பக்கத்துப் பிள்ளையின் விதி.

ஆறும் சரியாக எழுதியவர்களை மெல்பர்ன் ஆய்வாளர்கள் 'திறமையுள்ளவர்களாகத் தெரிபவர்கள்' என்றுதான் குறித்தார்கள். சுழியம் சேர்க்கும் குறுக்குவழியாலும் ஆறு சரியாக வரும், அடுத்த சோதனையில் பழைய விதிக்கே திரும்பியவர்களும் இருந்தார்கள். ஆகவே பாடம் முடிந்து சில வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், 7.2 — 7.14, 0.6 — 0.618, 3.91 — 3.914 என்று எண்களை மாற்றி மூன்று ஜோடிகளை மறுபடி கொடுத்துப் பார்ப்பது நல்லது.