ஜெர்மன் படிப்பவருக்கு என்ன வாங்கித் தரலாம்?

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக, முப்பது வயதைத் தாண்டி மொழி படிக்க உட்காருபவர்கள் இப்போது நம் ஊர்களில் நிறைய. அவர்கள் பிறந்தநாளுக்கு உறவினர் வாங்கித் தருவது பெரும்பாலும் தலையணை மாதிரியான ஓர் அகராதி. ஏ1 நிலையில் இருப்பவருக்கு அது சுமை. மாணவர்களுக்கென்றே தயாரித்த சிறிய ஜெர்மன்–ஆங்கில அகராதி போதும்.

அதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேசையைக் குறிக்கும் 'டிஷ்' என்ற சொல்லைப் புரட்டுங்கள். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்றோடுதான் வரும். பன்மையும் சொல்லுக்குச் சொல் மாறும். எனவே 'டேர் டிஷ்' என்பதும், பன்மை 'டிஷெ' என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்க வேண்டும். அடுத்து, வண்டியில் போவதைச் சொல்லும் 'ஃபாரன்' என்ற வினையைப் பாருங்கள். அதன் இறந்தகால வடிவங்கள் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். பொருள் மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள்.

ஆனால் கோத்தே நிறுவனத்தின் பி1 தேர்வறைக்குள் அகராதி கொண்டுபோக முடியாது. அந்த நிலைக்கு அவர்கள் தரும் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,400 சொற்கள் இருக்கின்றன. அவை தலைக்குள் ஏறியாக வேண்டும். அதற்கு நான் பரிந்துரைப்பது ஓர் அட்டைப் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1970களில் பரப்பிய முறை இது. பெட்டியில் ஐந்து அறைகள். புதுச் சொல் எழுதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாது, தெரியாத சொல் தப்பாது.

அச்சடித்த அட்டைகளை வாங்காதீர்கள். வெற்று அட்டைகள் சில நூறும், மூன்று நிறப் பேனாக்களும் கொடுங்கள். டேர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை என்று படிப்பவரே தன் கையால் எழுதட்டும். பின்பக்கம் வெறும் பொருளோடு நிற்காமல் ஒரு முழு வாக்கியமும் வேண்டும். முதல் அறை பிதுங்கிக்கொண்டிருந்தால், புதுச் சொற்களை அளவுக்கு மீறிச் சேர்க்கிறார் என்று பொருள். அது வடியும்வரை புதிதாக எழுதக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட நல்ல பரிசு, பேச ஓர் ஆள். பி1 வாய்மொழித் தேர்வில் வழக்கமாக இரண்டு பேர் சேர்ந்து உட்காருவார்கள். முதல் பகுதியில் இருவரும் பேசி ஒன்றைத் திட்டமிட வேண்டும், அடுத்து ஒரு தலைப்பை எடுத்துச் சொல்ல வேண்டும், பிறகு கேள்வி பதில். இதைத் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. ஜெர்மன் சரளமாகத் தெரிந்த ஆசிரியரிடம் அரைமணி நேர வகுப்புகள் பத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். கிழமையும் நேரமும் நீங்களே பேசி முடியுங்கள், இல்லாவிட்டால் ஷிப்ட் வேலையில் தள்ளிக்கொண்டே போகும்.

ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சும்மா அரட்டை வேண்டாம், அது சீக்கிரமே ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போவது போல ஒரு நிலைமையைக் கொடுத்து, எப்போது போவது, எதில் போவது, என்ன வாங்கிப்போவது என்று பேசவைக்கட்டும். பேச்சை நடுவில் வெட்டாமல், கடைசியில் மூன்று பிழைகளை மட்டும் சொல்லட்டும். உதாரணமாக, 'எனக்கு நேரம் இல்லாததால்' என்பதற்கு அவசரத்தில் 'வைல் இஷ் ஹாபெ கைனெ ட்ஸைட்' என்று வந்துவிடும். 'வைல்' வந்தால் வினை கடைசிக்குப் போக வேண்டும்: 'வைல் இஷ் கைனெ ட்ஸைட் ஹாபெ'. தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது! ஆங்கிலத்தை நினைக்காமல் தமிழை நினைத்தால் இந்த இடத்தில் சறுக்காது. அந்த வாக்கியம் அன்றைக்கே ஓர் அட்டையில் ஏறிப் பெட்டிக்குள் போக வேண்டும். அடுத்த வகுப்பில் அதே நிலைமையை இன்னொரு முறை பேசவைக்க வேண்டும். இரண்டாம் முறையில்தான் வாய் திருந்தும்.

ஏ1 முடியாதவருக்கு இந்த வகுப்பு சீக்கிரம். சொல் கைவசம் இல்லாமல் மௌனமாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு இப்போதைக்குப் பெட்டியும் சிறிய அகராதியும் போதும். வீடியோ பாடத்துக்கும் செலவு செய்ய வேண்டாம். டாய்ச்ச வெல்லெ தரும் 'நிகோஸ் வேக்' ஏ1 முதல் பி1 வரை இலவசம்.

கையில் பணம் இல்லை என்றாலும் பரவாயில்லை. வகுப்பு நடக்கும் அரைமணி நேரம் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். எதை வாங்குவதாக இருந்தாலும், எந்த நிலை படிக்கிறார், தேர்வு எப்போது என்ற இரண்டையும் அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.